ராகுகாலத்துக்கு முன் விட்டுவந்த தாள்

அன்று காலை விமான நிலையத்துக்கு வந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன், எனக்கு அத்தான். ஜீப்பு ஓட்டிய ஆள், அவரும் எங்கள் ஊர் பாறசாலைதான். வேறு யாரும் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் இறங்கினேன்.

நான் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தேன். இரண்டு மாத லீவில் வந்தேன். வந்த இடத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. தையல் பழுத்தது. ஆறுவதற்கு நாளாயிற்று. லீவை நீட்டி நீட்டி ஆறு மாதத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அங்கே தங்குகிற அனுமதி, அக்காமா என்பார்கள், அது செத்துப்போகும். வேலையும் அதோடு போகும். பிறகு புது விசாவுக்கு ஏஜெண்டு காலைப் பிடிக்க வேண்டும். என் வயசுக்கும் வயிற்றுத் தையலுக்கும் யாரும் புது விசா தரமாட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் எண்ணி எழுதியிருந்தார். நூற்றெண்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் இங்கே கால் வைத்துவிடு, சனிக்கிழமை வந்தால் என்னால் ஒன்றும் ஆகாது என்று.

நான் போக வேண்டிய விமானம் செவ்வாய்க்கிழமை. அந்த விமானக் கம்பெனிக்கு குவைத்துக்கு வாரத்தில் இரண்டு நாள்தான், செவ்வாயும் சனியும். இது தொண்ணூறுகளின் நடுவில்.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எடுத்தாள். போர்டிங் அட்டை தந்தாள். புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். பெட்டி போயிற்று. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். ஹாலில் போய் உட்கார்ந்தேன். பத்தரைக்குப் புறப்பட வேண்டும். பதினொன்று என்றார்கள். பிறகு பன்னிரண்டு என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தில் சோறு தந்தார்கள். அது வந்ததும் பக்கத்திலிருந்த ஆள், "சோறு தந்தா வண்டி போவாது" என்றார். அமரவிளைக்காரர். குவைத்தில் டிரைவர். எட்டு முறை போய்வந்தவர்.

"ஏன் அப்படி செல்லுதிய?" என்று கேட்டேன்.

"பறக்குறதா இருந்தா மேல தருவானுவ. தரையில தாறான்னா தரையிலதான் இருப்போம்."

ஒன்றேகாலுக்கு அறிவித்தார்கள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும். இயந்திரக் கோளாறு, விமானம் ரத்து, அடுத்தது சனிக்கிழமை. எல்லாரும் எழுந்து கத்தினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து அந்த நாற்காலியில் இருந்து வயிறு இழுத்துக்கொண்டிருந்தது. சனி என்று மட்டும் மனதில் ஓடியது.

திரும்ப வெளியே கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டு முத்திரைக்கு மேல் ரத்து என்று இன்னொரு முத்திரை. பெட்டிகளைத் தரையில் வைத்திருந்தார்கள். என் பெட்டி கயிறு கட்டியது, உடனே தெரிந்தது. கவுண்டர் முன்னால் நீள வரிசை. போர்டிங் அட்டையைக் கொடுத்து காலையில் கிழித்த தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டே நடந்தான்.

கண்ணாடிக்கு அப்புறம் அத்தான் நின்றார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். வாசல் பக்கம் போனேன். கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளே, மூணு மணிக்கு ராகுகாலம் ஆக்கும். அதுக்கு முன்ன அமரவிளை எத்தணும். வா."

யாத்திரைக்கு இறங்கிய வீட்டில் அன்றே திரும்ப ஏறக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் முறை. போன காரியம் கெடும் என்பார்கள். அதனால் அமரவிளையில் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் ராகுகாலத்தில் நுழையக் கூடாது. மூன்றுக்கு முன்னால் நுழைய வேண்டுமென்றால் இரண்டுக்கு முன்னால் ஜீப்பு நகர வேண்டும்.

"ஒரு தாளு வேண்டணும்னு செல்லுதாவ" என்றேன்.

"டிக்கெட்டு ஒனக்க கையில இல்லியா?"

புத்தகத்தைக் காட்டினேன்.

"பின்ன என்னத்துக்கு? வா பிள்ளே."

வரிசையில் நின்ற அமரவிளை டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, தாள வேண்டிற்று போங்க."

"புத்தகம் இருக்கே."

"அது வெறும் சட்டையாக்கும். ஆளு அவனுவ கையில."

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் வரிசையைப் பார்த்தேன், நாற்பது பேர். நிற்க முடியாது என்று தோன்றியது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தானைக் குறை சொல்லமாட்டேன். நடந்து வந்தது என் கால்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அமரவிளை வந்தோம். அத்தான் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. நாத்தனார் முற்றத்தில் நின்றாள்.

"வாங்க மைனி. குவைத்து இம்புட்டு பக்கத்திலயா?" என்றாள்.

சிரித்தோம். அன்று சிரித்தது அந்த ஒரு முறை. என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார், மறுநாள் புதன், பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை ஏலம், அவர் போகாமல் முடியாது என்று. போங்க என்றேன். பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் கட்ட ஆள் வேண்டும். நாத்தனாருடைய சேலையை உடுத்தேன்.

சாயங்காலம் அத்தானும் நானும் நெய்யாற்றின்கரை போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம், மருந்துக் கடைக்கு மாடியில் டிராவல் ஏஜெண்டு. டிக்கெட்டு குவைத்தில் எனக்கு வேலை தந்த கம்பெனி எடுத்தது. திரும்பிப் போகிற நாளை உறுதி செய்து தந்தது மட்டும் இவர். முப்பது வயசிருக்கும். எல்லாரிடமும் மெதுவாகப் பேசுவார்.

நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கணக்கையும் சொன்னேன்.

அவர் போன் செய்தார். ஒருவரிடம் பேசினார், காத்திருந்தார், இன்னொருவரிடம் பேசினார். பிறகு சொன்னார்:

"அக்கா, வேற கம்பெனியில வியாழக்கிழமை சீட்டு உண்டு. பஹ்ரைன்ல எறங்கி வேற விமானம் மாறணும். வியாழன் சாயங்காலம் குவைத்து எத்திருவீங்க. ஒங்க பேரப் போட்டு வச்சிருக்கேன். வெயிட்டிங் இல்ல, ஓகே சீட்டுதான். ஆனா நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் வச்சிருப்பாவ."

"அப்ப முடிஞ்சுதே" என்றார் அத்தான். "ஒரு ஸ்டிக்கர ஒட்டித் தாங்க. போன தடவ தேதி மாத்துனப்ப ஒட்டுனியளே."

ஏஜெண்டு புத்தகத்தை வாங்கினார். புரட்டினார். திரும்பவும் புரட்டினார். உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"தாளு எங்க?"

புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பினார்.

"இது பயணிக்கு உள்ள ரசீது அக்கா. கடைசித் தாளு. இத வச்சு பஸ்ஸுலகூட ஏற முடியாது. கிழிச்சு எடுத்தாங்களே, அதாக்கும் டிக்கெட்டு. அது ஏர்போர்ட்டுலயா?"

"வரிசை பெருசா இருந்து" என்றேன்.

"ராகுகாலம்" என்றார் அத்தான்.

ஏஜெண்டு அத்தானைப் பார்த்தார். பிறகு எனக்கு விளக்கினார். அன்று அவர் சொன்னதுதான் இந்தக் காரியத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம்.

அவர் கையில் ஸ்டிக்கர் உண்டு. ஆனால் அது அதே கம்பெனியில் தேதியும் விமானமும் மாற்றுவதற்கு மட்டும். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் தாளில் எழுதியிருக்கிற கம்பெனி விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களே தாளின் மேல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்த வேண்டும். அதற்கு எண்டோர்ஸ்மெண்டு என்று பேர். ஏஜெண்டு எழுதினால் செல்லாது. அவர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் வியாழக்கிழமை கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அந்தத் தாளு ஒரு பேங்கு செக்கு மாதிரி அக்கா. பணம் இந்தக் கம்பெனி கையில இருக்கு. அவன் எழுதித் தந்தாதான் மற்றவன் ஏத்திட்டுப் போயி, பின்ன இவன்ட்ட பணத்தக் கேப்பான்."

அப்புறம் ரசீதில் ஒரு கட்டத்தைக் காட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தது. எண்டோர்ஸ் செய்யக் கூடாது என்று அர்த்தம். குறைந்த கட்டணத்து டிக்கெட்டு, வேலை தந்த கம்பெனி அப்படித்தான் எடுத்திருக்கிறது.

"அப்ப போச்சு" என்றார் அத்தான்.

"போவல்ல. அது அக்காவா மாத்தணும்னு நெனச்சா உள்ள சட்டம். இப்ப அக்கா மாத்தல்ல. வண்டிய ரத்து செய்தது அவனாக்கும். அவன் ரத்து செய்தா, இந்த எழுத்து இருந்தாலும் அவனுக்கு எழுதித் தரலாம். தரலாம், கேட்டீங்களா. தந்தே ஆவணும்னு இல்ல. அதனால சண்ட போடாதீங்க."

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார். "நமக்க பக்கம் நியாயம் இருக்கே. ரெண்டு சத்தம் போட்டா?"

"சத்தம் போட்டா சனிக்கிழமை வான்னு செல்லுவான். அதுக்கும் அவனுக்கு சட்டம் உண்டு."

ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார். தமிழில்தான் எழுதினார். எனக்காக எழுத்தைப் பெரிதாக எழுதினார். முதலில் கிழித்த தாளைத் திரும்பக் கேட்க வேண்டும். போர்டிங் அட்டையைக் காட்ட வேண்டும், அது என்னிடம் இருந்தது. அதன்பிறகு விசாவுக்குக் கடைசி நாளைச் சொல்ல வேண்டும். தர வேண்டும் என்று சொல்லக் கூடாது, தர வழி உண்டா என்று கேட்க வேண்டும். இன்ன கம்பெனியில், இன்ன விமானத்தில், என் பேரில் ஓகே சீட்டு இருக்கிறது, அதற்கு எழுதித் தர முடியுமா என்று கேட்க வேண்டும். சீட்டைத் தேடுகிற வேலையை அவர்களுக்கு வைக்கக் கூடாது. எடை எவ்வளவு என்று தாளில் எழுதியிருப்பது மாறாதே என்று கேட்க வேண்டும். பேசுகிறவர் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒன்று: இனி அந்த மற்றக் கம்பெனிக்காரர்கள் வேறு ஏதாவது கேட்பார்களா சார்.

"இந்தக் கடைசிக் கேள்விய விட்டுராதீங்க" என்றார்.

காசு கேட்டேன். முடிஞ்சு வாங்க, பாக்கலாம் என்றார்.

புதன்கிழமை காலையில் அத்தானும் நானும் பஸ்ஸில் தம்பானூர் போய், நகரத்திலிருந்த விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். டோக்கன் தந்தார்கள். குளிர் மெஷின் ஓடியது. முந்தின நாள் ஹாலில் பார்த்த முகங்கள் அங்கேயும் இருந்தன. எனக்கு முன்னால் ஒருவர் மேசையைத் தட்டிப் பேசினார். உள்ளே இருந்த சார் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். கால் மணி நேரம் திரும்பி வரவில்லை. தட்டியவர் தட்டிய மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் என் காதில், "பாத்தியா, பயந்துட்டான்" என்றார்.

"அத்தான், செத்த நேரம் வெளிய போயி சாய குடிச்சிட்டு வாங்க."

"நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

"தெரியும். சாய குடிங்க."

போனார். அவரை நான் அப்படி எங்கும் அனுப்பியதில்லை. அவரும் போனதில்லை.

என் முறை வந்தது. காலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். மலையாளத்தில் பேசினேன். சார் முகம் தூங்காத முகம். நேற்றிலிருந்து எத்தனை பேரிடம் இதையே கேட்டிருப்பார். சனிக்கிழமை சீட்டு உறுதி, சேச்சி, கவலை வேண்டாம் என்றார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்தேன். குவைத்திலிருந்து இறங்கிய முத்திரையைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை என்றேன். அவர் மேசைக் காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினார்.

"வெள்ளியாழ்ச்ச" என்றார். "சரியாணு."

பிறகு ரசீதைப் பார்த்தார். கட்டத்து எழுத்தைக் காட்டினார். எண்டோர்ஸ் செய்ய முடியாத டிக்கெட்டு என்றார்.

"நான் மாத்த வரல்ல சார். நீங்க ரத்து செய்ததுனால வந்தேன். அப்படி வரும்போ எழுதித் தர வழி உண்டா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் சொல்லித் தந்தது என்று கேட்கவில்லை. வழி உண்டு என்றார். ஆனால் எந்தக் கம்பெனியில் சீட்டு இருக்கிறது? சொன்னேன். விமான எண்ணையும் சொன்னேன். அந்தக் கம்பெனியோடு எங்களுக்கு ஒப்பந்தம் உண்டு, எங்கள் தாளை அவர்கள் வாங்குவார்கள் என்றார். தாளைக் கையில் கொடு, எழுதித் தருகிறேன் என்றார்.

தாள் இல்லை என்றேன்.

சார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

காகிதம் இல்லாமல் எதன்மேல் எழுத முடியும்? விமான நிலையத்தில் டியூட்டி மேனேஜரிடம் இருக்கும், நேற்று யாரும் வாங்காத தாள்களை உறையில் போட்டு வைத்திருப்பார், இன்று சாயங்காலம் அது தலைமை ஆபீசுக்குப் போய்விடும் என்றார். அப்படிப் போனால் ஒரு வாரம். போன் செய்தார். டியூட்டி மேனேஜர் மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்று தன் பேரை ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே தந்தார். எழுந்து கும்பிட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே அத்தான் மூன்று சாயா குடித்து முடித்திருந்தார். பன்னிரண்டு மணி.

"இப்ப ஏறப்பிடாது. பன்னிரண்டுலருந்து ஒண்ணர வரைக்கும் ராகுகாலம்."

நான் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்தது.

விமான நிலையத்தில் அன்று ரத்து செய்த கம்பெனியின் கவுண்டர் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அறை. வாசலில் ஒரு பெஞ்சு. ஒன்றரை மணியிலிருந்து அதில் இருந்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டால் இழுப்பது குறைந்தது. அத்தான் தூணில் சாய்ந்து தூங்கினார். மூன்று மணிக்கு மேனேஜர் வரவில்லை. மூன்றேமுக்காலுக்கு வந்தார். வயசானவர். கையில் சாப்பாட்டுப் பாத்திரம். இருங்க என்றார், உள்ளே போனார், மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் வாசலில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அஞ்சு மணியாக்கும்" என்றார் அத்தான் மெதுவாக.

"தின்னட்டும்" என்றேன். "அவரும் காலையிலருந்து தின்னல்ல போல."

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கூப்பிட்டார். துண்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். போர்டிங் அட்டையைக் கொடுத்தேன். அலமாரியிலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே ரப்பர் போட்ட தாள்கள். அதிகம் இல்லை. புத்தியுள்ளவர்கள் எல்லாரும் நேற்றே வாங்கியிருந்தார்கள். அட்டையில் ஒரு வரிசை எண் இருந்தது, செக்-இன் செய்த வரிசை. அதைப் பார்த்துத் தாள்களைத் தள்ளினார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். எடுத்து மேசையில் வைத்தார். என் பேர் சிவப்பு மையில் மங்கலாக இருந்தது.

அமரவிளை டிரைவரின் தாள் அந்தக் கட்டில் இல்லை. நேற்றே எழுதி வாங்கி, இன்று காலை அதே பஹ்ரைன் வழியில் போய்விட்டார் என்று மேனேஜர் சொன்னார்.

மீண்டும் எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமை. ஓகே சீட்டு. எழுதித் தர வழி உண்டா. மேனேஜர் அந்தக் கம்பெனிக்கு உள் போனில் கேட்டார். சீட்டு இருக்கிறதா, தாளை எடுப்பீர்களா. இரண்டுக்கும் ஆமாம் என்றார்கள் போல. பேனாவை எடுத்துத் தாளின் மேல் அந்தக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதினார். விமானம் ரத்தானதால், பயணி விருப்பத்தால் அல்ல என்று எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்டேன், வாசித்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டினார்.

மணி நாலு இருபது. அத்தான் கையை நீட்டி வாங்கப் போனார்.

நான் எடை கேட்டேன். முப்பது கிலோ என்று தாளிலேயே இருக்கிறது, மாறாது, கேட்டால் அந்தக் கட்டத்தைக் காட்டு என்றார்.

"சார், இனி அவங்க வேற ஏதாவது கேப்பாங்களா?"

"இல்ல" என்றார். பிறகு தாளை மறுபடி வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளைப் பார்த்தபடியே இருந்தார்.

"முத்திர" என்றார்.

கையெழுத்து இருந்தது. ஆபீஸ் முத்திரை இல்லை. அதில்லாமல் அந்தத் தாள் யார் வேண்டுமானாலும் கிறுக்கியது மாதிரிதான். வியாழக்கிழமை காலையில் எங்கள் கம்பெனிக்கு விமானம் இல்லை, இந்த அறை பூட்டியிருக்கும், குத்த ஆள் இருக்காது. இழுப்பறையைத் திறந்தார். முத்திரை அங்கே இல்லை. இன்னொரு இழுப்பறை. இல்லை. நேற்றைய களேபரத்தில் கவுண்டரிலேயே கிடந்திருக்கிறது. பூட்டைத் திறந்து போய் எடுத்துவந்தார். ஊதி ஊதிக் குத்தினார். தேதி எழுதினார். மை காயட்டும், மடிக்காதே என்றார்.

"சேச்சி கேட்டது நன்னாயி" என்றார்.

பேரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். காயாத தாளை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு மற்ற கம்பெனிக் கவுண்டருக்கு நடந்தேன். ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. அங்கிருந்த பெண் முன்பக்கம் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எதையோ அடித்தாள். நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் அலைந்தது அந்த ஒரு பார்வைக்கு.

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்:

"நேத்து அந்த வரிசையில நின்னிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"நான்தான் இழுத்தேன்."

"நான்தான் வந்தேன்."

பஸ்ஸில் ஏறினோம். பாலராமபுரம் தாண்டும்போது பார்த்தேன், அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

வழியில் நெய்யாற்றின்கரையில் இறங்கி ஏஜெண்டிடம் தாளைக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒங்களுக்கு அடுத்த லீவுக்கு டிக்கெட்டு எடுக்கச் சொல்லும்போ எண்டோர்ஸ் செய்யக் கூடாதுன்னு உள்ள எழுத்து இல்லாம எடுக்கச் சொல்லுங்க என்றார். காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை. ஆறு மணிக்கு எமகண்டம், அதற்கு முன்னால் இறங்கு என்று அத்தான் சொல்வார் என்று நினைத்து ஐந்தரைக்கே தயாராக இருந்தேன். அவர் ஆறேகாலுக்கு வந்தார். வந்ததும் பெட்டியைத் தூக்கினார். என் வீட்டுக்காரரும் வந்தார். நாத்தனார் கட்டுச்சோறு தந்தாள்.

"இனி திரும்பி வரப்பிடாது மைனி. எனக்கு சேலை வேணும்."

உள்ளே கவுண்டரில் ஒரு பையன் பெட்டியை எடை போட்டான். இருபத்தேழு. எங்கள் கம்பெனியில் இருபதுதான் என்றான். தாளில் கட்டத்தைக் காட்டினேன். இது ரத்தான விமானத்துத் தாள், எடை அதில் உள்ளபடி என்று சொன்னார்கள், அப்படித்தானே தம்பி என்று கேட்டேன். உள்ளே ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்தான். தாளைக் கிழித்து எடுத்தான், இரண்டு போர்டிங் அட்டை தந்தான். பஹ்ரைனுக்கு ஒன்று, குவைத்துக்கு ஒன்று. பெட்டி எதுவரை போகும் என்று கேட்டேன். நேராக குவைத்து, பஹ்ரைனில் எடுக்க வேண்டாம் என்றான்.

இந்த முறை சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். பஹ்ரைனில் மூன்று மணி நேரம் நாற்காலியில் இருந்தேன். கட்டுச்சோறு தின்றேன். தூங்கப் பயமாக இருந்தது. பலகையில் என் விமானத்துக்கு நேராக எழுத்து மாறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை.

குவைத்தில் வெயில் இறங்கிய நேரம். பாஸ்போர்ட்டு வரிசையில் நின்றேன். நீளமான வரிசை. நின்றேன். கால் வீங்கியிருந்தது. முறை வந்தது. உள்ளே இருந்த போலீஸ்காரர் பக்கங்களைத் தள்ளினார். போன முத்திரையைக் கண்டுபிடித்தார். அன்றைய தேதியைப் பார்த்தார். பென்சிலால் ஒரு தாளில் மாதங்களைக் கூட்டினார். கூட்டியது சரியாக வரவில்லை போல. அடித்துவிட்டு மறுபடி கூட்டினார். பக்கத்துக் கூண்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, எத்தனை நாள் என்று அரபியில் கேட்டார்.

நூற்று எழுபத்தொன்பது.